பட்டறை மெஷினுக்கு எந்த மூளை? பி.எல்.சி.யா, ஆர்டுயினோவா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் சில மாதங்களில் ஒரு கேள்வியோடு வருவார்கள். "இதை வைத்து வெளியே இருக்கும் ஒரு மோட்டாரையோ பம்ப்பையோ ஓட்ட முடியுமா?" என்பதுதான் அது. முடியும். ஆனால் உங்கள் மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டர் நேரடியாக அந்த வேலையைச் செய்வதில்லை. அதில் புரோகிராம் எழுதி, ஒரு கேபிள் வழியாக வேறொரு சின்னக் கம்ப்யூட்டருக்குள் இறக்கி விடுகிறோம். அந்தச் சின்னக் கம்ப்யூட்டர் மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து, பட்டன்களைப் பார்த்து மோட்டார்களை ஓட்டுகிறது.

இந்தச் சின்னக் கம்ப்யூட்டரில் இரண்டு வகைகளை நீங்கள் சந்திப்பீர்கள். ஒன்று, கல்லூரி மாணவர்களின் பைகளில் இருக்கும் ஆர்டுயினோ போன்ற மைக்ரோ கண்ட்ரோலர் போர்டு. சில நூறு ரூபாய்க்குக் கிடைத்துவிடும். மற்றது, தொழிற்சாலைகளின் கண்ட்ரோல் பேனலுக்குள் இருக்கும் பி.எல்.சி., அதாவது புரோகிராமபிள் லாஜிக் கண்ட்ரோலர். இதில் சிறிய மாடலே பல ஆயிரம் ரூபாய். உள்ளே இருப்பது இரண்டிலும் ஒரு புராசசர்தான். பிறகு ஏன் இவ்வளவு விலை வித்தியாசம்? கோவையில் என் சித்தப்பா வைத்திருக்கும் சிறிய பட்டறையில் ஒரு மெஷினுக்கு இந்த இரண்டையும் போட்டுப் பார்த்தோம். அதை வைத்தே இந்தக் கேள்விக்குப் பதில் பார்ப்போம்.

மெஷின் என்ன செய்ய வேண்டும்?

அது இரும்புக் கம்பிகளைத் துண்டு போடும் பேண்ட் சா மெஷின். 2 எச்.பி. மூன்று பேஸ் மோட்டார் ஒன்று பிளேடைச் சுற்றுகிறது. பிளேடு சூடாகாமல் இருக்க, கூலண்ட் என்னும் வெள்ளை நிறத் தண்ணீரை ஒரு சிறிய பம்ப் ஊற்றுகிறது. பிளேடு இருக்கும் கை மெதுவாகக் கீழே இறங்கிக் கம்பியை வெட்டும். வெட்டி முடிந்து கை அடியைத் தொட்டதும் ஒரு லிமிட் சுவிட்ச் மோட்டாரை நிறுத்தும்.

பம்ப்பைப் போட மறந்து வெட்ட ஆரம்பித்தால் பிளேடின் பற்கள் போய்விடும். ஆகவே சித்தப்பா கேட்டது இவ்வளவுதான். பட்டனை அழுத்தினால் முதலில் பம்ப் ஓட வேண்டும். 3 வினாடி கழித்துப் பிளேடு ஓட வேண்டும். வெட்டி முடிந்ததும் இரண்டும் நிற்க வேண்டும். பிளேடு மூடி திறந்திருந்தால் எதுவும் ஓடக் கூடாது.

டிப்ளமோ படிக்கும் சித்தப்பா மகன் இதை ஆர்டுயினோ ஊனோ போர்டில் செய்தான். பம்ப்புக்கு ஒரு ரிலே. பிளேடு மோட்டாருக்குப் பழைய ஸ்டார்ட்டரை அப்படியே வைத்துக் கொண்டு, அதன் பச்சைப் பட்டனுக்கு இணையாக இன்னொரு ரிலே. அதாவது மனித விரலுக்குப் பதிலாக ரிலே ஒரு வினாடி பட்டனை அழுத்தும். ஸ்டார்ட்டர் ஒரு முறை பிடித்துவிட்டால் தன்னைத்தானே பிடித்து வைத்துக் கொள்ளும். இதை எலக்ட்ரீஷியன்கள் ஹோல்டிங் என்பார்கள். லிமிட் சுவிட்சும் சிவப்புப் பட்டனும் பழையபடி ஸ்டார்ட்டரிலேயே இருந்தன. ஒரு எல்.சி.டி. திரையில் வெட்டிய துண்டுகளின் எண்ணிக்கையும் தெரிந்தது. இரண்டு வாரம் நன்றாக ஓடியது.

யாரும் தொடாமல் ஓடிய பிளேடு

ஒரு நாள் வெட்டிக் கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. அங்கே வேலை செய்பவர் மெயின் சுவிட்சை அணைக்காமல் கையை மேலே தூக்கி விட்டு, பிளேடு பக்கம் ஒட்டியிருந்த இரும்புச் சீவல்களைப் பிரஷ்ஷால் தள்ளிக் கொண்டிருந்தார். கரண்ட் வந்தது. பிளேடு ஓடத் தொடங்கிவிட்டது! நல்ல வேளை, பிரஷ்தான் போனது.

"டேய், பட்டனையே யாரும் தொடலையே, எப்படிடா ஓடுச்சு?" என்றார் சித்தப்பா. தம்பி புரோகிராமைப் பல முறை படித்தான். பட்டன் அழுத்தினால் மட்டுமே மோட்டார் என்றுதான் அதில் இருந்தது.

மோட்டாருக்குப் போகும் எம்.சி.பி.யை அணைத்து விட்டு, போர்டுக்கு மட்டும் யு.எஸ்.பி. அடாப்டரில் கரண்ட் கொடுத்துப் பார்த்தோம். ஒவ்வொரு முறை செருகும்போதும் ரிலேயில் "டிக்" என்ற சத்தம். அதன் சிறிய விளக்கு அரை வினாடி எரிந்து அணைந்தது. குற்றவாளி இந்த வரிகளில் இருந்தது.

```
void setup() {
  pinMode(7, OUTPUT);
  lcd.begin(16, 2);
  delay(500);
  digitalWrite(7, HIGH);
}
```

இதைப் புரிந்து கொள்ள ஒரு செய்தி தெரிய வேண்டும். கடைகளில் கிடைக்கும் பல ரிலே போர்டுகள் தலைகீழாக வேலை செய்பவை. பின்னில் 0 வோல்ட் வந்தால் ரிலே இழுக்கும், 5 வோல்ட் வந்தால் விட்டுவிடும். ஆர்டுயினோவில் ஒரு பின்னை `OUTPUT` என்று அறிவித்தவுடன் அது 0 வோல்ட்டில்தான் தொடங்கும். ஆகவே முதல் வரியிலேயே ரிலே இழுக்கத் தொடங்கிவிட்டது. அடுத்து எல்.சி.டி. தயாராகும் வரை அரை வினாடி காத்திருக்கிறது. ரிலேயை விடச் சொல்லும் வரி அதற்குப் பிறகுதான் வருகிறது. ரிலே இழுக்கச் சில மில்லி வினாடிகள் போதும். ஸ்டார்ட்டருக்கு அந்த அரை வினாடி, யாரோ பச்சைப் பட்டனை அழுத்தியது போலத்தான். பிடித்துக் கொண்டது.

வெட்டி முடிந்து கை கீழே இருந்த நாட்களில் இது வெளியே தெரியவில்லை. லிமிட் சுவிட்ச் ஸ்டார்ட்டரைத் தடுத்து வைத்திருந்தது. கை மேலே இருந்த அன்று தடுக்க ஒன்றுமில்லை. மாற்றம் மிகச் சிறியது. மதிப்பை முதலில் எழுதி விட்டு, பிறகு பின்னை அறிவிக்க வேண்டும்.

```
  digitalWrite(7, HIGH);
  pinMode(7, OUTPUT);
```

இப்படிச் செய்தால் பின் நேராக 5 வோல்ட்டில் தொடங்கும், ரிலே சத்தம் போடாது. உங்களிடம் ரிலே போர்டு இருந்தால் இந்தச் சோதனையை மேஜையிலேயே செய்து பாருங்கள். மோட்டார் எதையும் இணைக்கத் தேவையில்லை, காது போதும்.

அதே புரோகிராமில் இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருந்தது. பம்ப்பைப் போட்டு விட்டு 3 வினாடி காத்திருக்க, தம்பி `delay(3000)` என்று எழுதியிருந்தான். அந்த 3 வினாடியும் ஆர்டுயினோ எதையும் பார்க்காது, எதையும் கேட்காது. அந்த நேரத்தில் ஒருவர் மனம் மாறிச் சிவப்புப் பட்டனை அழுத்தி விட்டால்? பிளேடு இன்னும் ஓடவில்லை, ஆகவே சிவப்புப் பட்டன் நிறுத்துவதற்கு எதுவும் இல்லை. அவர் "நின்றுவிட்டது" என்று நினைத்துக் கையை வைக்க, 3 வினாடி முடிந்து ரிலே பச்சைப் பட்டனை அழுத்தும்.

லேடர் என்னும் ஏணி

இப்போது பி.எல்.சி.க்கு வருவோம். 1968இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு ஒரு தொல்லை இருந்தது. கார் தயாரிப்பு வரிசையை இயக்க பேனல் நிறைய ரிலேக்கள். மாடல் மாறும்போதெல்லாம் ஒயர்களைப் பிய்த்து மீண்டும் கட்ட வேண்டும். அதற்கு மாற்றாக டிக் மார்லி என்பவரும் அவருடன் இருந்தவர்களும் உருவாக்கியதுதான் மோடிகான் 084. அவர்களுடைய 84ஆவது புராஜெக்ட் என்பதால் அந்தப் பெயர். அதை இயக்கப் போகிறவர்கள் கம்ப்யூட்டர் மொழி தெரிந்தவர்கள் அல்ல, ரிலே டயகிராம் படிக்கத் தெரிந்த எலக்ட்ரீஷியன்கள். ஆகவே அந்த டயகிராமையே புரோகிராம் மொழியாக்கி விட்டார்கள். இரு பக்கமும் இரண்டு செங்குத்துக் கோடுகள், நடுவே படிகள். பார்க்க ஏணி மாதிரி இருப்பதால் லேடர்.

எங்கள் மெஷினுக்கான லேடர் இதுதான்.

```
   I1       I2     I3     I4      Q1
|--] [--+--] [----] [----] [-----( )--|
|  Q1   |
|--] [--+
|  Q1                         T1 (3 s)
|--] [---------------------------( )--|
|  T1                             Q2
|--] [---------------------------( )--|
```

இடது கோட்டிலிருந்து கரண்ட் வலது பக்கம் போக முயல்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். `I1` ஸ்டார்ட் பட்டன், `I2` ஸ்டாப் பட்டன், `I3` பிளேடு மூடி, `I4` லிமிட் சுவிட்ச். நான்கும் சரியாக இருந்தால் `Q1`, அதாவது பம்ப் ஓடும். ஸ்டார்ட் பட்டனிலிருந்து விரலை எடுத்த பிறகும் ஓட வேண்டும் அல்லவா? அதற்குத்தான் `I1` கீழே இருக்கும் `Q1`. பம்ப் ஓடுகிறது என்ற செய்தியே ஸ்டார்ட் பட்டனுக்குப் பதிலாக நிற்கிறது. பழைய ஸ்டார்ட்டரில் ஒயரில் இருந்த அதே ஹோல்டிங்தான், இங்கே புரோகிராமில் இருக்கிறது. இரண்டாவது படி 3 வினாடி எண்ணும் டைமர். மூன்றாவது படி டைமர் முடிந்ததும் பிளேடை ஓட்டுகிறது.

புதியவர்கள் எல்லோரும் தடுமாறும் இடம் `I2`. ஸ்டாப் பட்டனை ஏன் "மூடியிருந்தால் ஓடு" என்று வரைகிறோம்? காரணம், ஸ்டாப் பட்டன் வழக்கமாக மூடியே இருக்கும் வகையைச் சேர்ந்தது. அழுத்தும்போதுதான் திறக்கும். சாதாரண நேரத்தில் அதன் வழியாக 24 வோல்ட் வந்து கொண்டே இருக்கும். இதில் பெரிய லாபம் உண்டு. எலி ஒயரைக் கடித்தாலும், ஸ்க்ரூ கழன்றாலும் 24 வோல்ட் நின்றுவிடும். யாரோ ஸ்டாப் அழுத்தியதாகவே பி.எல்.சி. எடுத்துக் கொள்ளும். மெஷின் நிற்கும். திறந்தே இருக்கும் வகைப் பட்டனைப் போட்டிருந்தால், ஒயர் அறுந்தது நமக்குத் தெரியவே தெரியாது. நிறுத்த வேண்டிய அன்றுதான் தெரியும்.

பி.எல்.சி. இந்தப் படிகளை எப்படி ஓட்டுகிறது? முதலில் எல்லா இன்புட்டையும் ஒரே மூச்சில் படித்துக் கொள்ளும். பிறகு மேலிருந்து கீழாகப் படிகளைக் கணக்கிடும். கடைசியில் அவுட்புட்களை மாற்றும். மறுபடியும் முதலிலிருந்து. இந்தச் சுற்றுக்கு ஸ்கேன் என்று பெயர். சிறிய புரோகிராமுக்கு ஒரு ஸ்கேன் சில மில்லி வினாடிகளில் முடிந்துவிடும். டைமர் எண்ணிக் கொண்டிருக்கும்போதும் ஸ்கேன் நிற்பதில்லை. ஆகவே அந்த 3 வினாடிக்குள் ஸ்டாப் அழுத்தினால் `Q1` போகும், டைமர் பூஜ்யத்துக்குத் திரும்பும், பிளேடு ஓடாது. `delay` போட்டு மாட்டிக் கொள்ள லேடரில் வழியே இல்லை.

கரண்ட் போய் வந்தால்? சாதாரண `Q1` மறந்து போயிருக்கும், மறுபடி ஸ்டார்ட் அழுத்த வேண்டும். ஒரு எச்சரிக்கை. கரண்ட் போனாலும் மறக்காத நினைவகமும் பி.எல்.சி.யில் உண்டு. உற்பத்தி எண்ணிக்கையை வைக்க அது நல்லது. ஹோல்டிங்கை அதில் வைத்தால் பி.எல்.சி.யும் தானாகவே ஓடத் தொடங்கும்.

இதையே ஆர்டுயினோவில் எழுத முடியாதா?

தாராளமாக முடியும். நான் சாப்ட்வேர்க்காரன் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதல் படி முழுவதும் ஒரே வரிதான்.

```
run = (start || run) && stopOk && guardOk && limitOk;
```

`delay` இல்லாமல், `millis()` கொண்டு நேரத்தைக் கணக்கிட்டு, இந்த வரியை `loop()` உள்ளே சுற்ற விட்டால் ஆர்டுயினோவும் பி.எல்.சி. மாதிரியே ஸ்கேன் செய்யும். தம்பி இரண்டாம் முறை அப்படித்தான் எழுதினான். ஸ்டாப் பட்டனுக்கும் போர்டுக்கு ஒரு ஒயர் கொண்டு வந்தான். புரோகிராமில் இனிக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அப்படியும் வாரத்துக்கு ஓரிரு முறை மெஷின் பாதியில் நின்றது. எல்.சி.டி.யில் புரியாத எழுத்துகள் வந்தன. கவனித்ததில், பக்கத்து லேத்தின் காண்டாக்டர் விடும் நொடியில்தான் இது நடந்தது. காண்டாக்டர் என்பது பெரிய ரிலே. அதன் காயிலில் கரண்ட்டைத் துண்டிக்கும்போது ஒரு கணம் உயர் வோல்டேஜ் கிளம்பி, பக்கத்து ஒயர்களிலும் எதிரொலிக்கும். ஊனோவின் இன்புட் 3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் ஒன்று என்றும், 1.5 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் பூஜ்யம் என்றும் எடுத்துக் கொள்ளும். அதை ஆட்டி வைக்கத் தேவையான கரண்ட்டும் மிக மிகக் குறைவு. மோட்டார் ஒயரோடு ஒரே பைப்பில் 6 மீட்டர் ஓடி வரும் பட்டன் ஒயர் நல்ல ஏரியல் ஆகிவிடுகிறது. பி.எல்.சி.யின் வழக்கமான 24 வோல்ட் இன்புட்டோ 15 வோல்ட்டுக்கு மேல் வந்தால்தான் ஒன்று என்று நம்பும். அதுவும் சில மில்லி ஆம்பியர் கரண்ட்டோடு, சில மில்லி வினாடி நிலைத்து வர வேண்டும். இடையில் ஒளி மூலம் செய்தி கடத்தும் ஆப்டோ கப்ளர் வேறு இருக்கும். வெளியே வரும் சண்டை புராசசரைத் தொடுவதில்லை. நீங்கள் கொடுக்கும் அதிக விலையில் பெரும் பங்கு இதற்குத்தான்.

போர்டு ரீசெட் ஆகிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. `setup()` உள்ளே 13ஆம் பின் விளக்கு மூன்று முறை மின்னும்படி எழுதுங்கள். காண்டாக்டர் விடும்போதெல்லாம் அது மின்னினால், போர்டு ஒவ்வொரு முறையும் செத்துப் பிழைக்கிறது என்று அர்த்தம். காண்டாக்டரின் ஏ.சி. காயிலுக்குக் குறுக்கே ஸ்னப்பர் போடலாம். 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோ பாரட் எக்ஸ்2 வகைக் கெபாசிட்டரும் வரிசையாக இணைந்த சிறு பொருள் அது. டி.சி. காயில் என்றால் டையோடு போடுவார்கள். ஏ.சி. காயிலுக்கு டையோடு போட்டால் புகைதான் வரும். பட்டன் ஒயர்களைத் தனிப் பைப்பில் கொண்டு வர வேண்டும். இந்த வேலைகளைச் செய்த பிறகு ஊனோவும் அமைதியானது. ஆனால் ஸ்னப்பர், ஆப்டோ கப்ளர், தனிப் பவர் சப்ளை, இரும்புப் பெட்டி என்று சேர்த்துக் கொண்டே போனால், சில நூறு ரூபாய் போர்டு எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கடைசியில் எதை வைத்தோம்?

முடிவு செய்தது புரோகிராமும் அல்ல, வோல்டேஜும் அல்ல. பட்டறைக்கு வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியன் அண்ணன் போர்டைப் பார்த்து விட்டு, "ஏனுங்க தம்பி, ராத்திரி மெஷின் நின்னுபோச்சுன்னா இதுல எந்த சுவிட்ச் கிடைக்கலைன்னு நான் எப்படிங்க பார்க்கறது?" என்று கேட்டார். தம்பியிடம் பதில் இல்லை. பி.எல்.சி.யில் ஒவ்வொரு இன்புட்டுக்கும் விளக்கு உண்டு, அல்லது சிறு திரையில் நிலை தெரியும். லேப்டாப்பை இணைத்தால் லேடர் படம் உயிரோடு தெரியும். கரண்ட் போகும் படிகள் வண்ணம் மாறி நிற்கும். `I3` வரை வண்ணம் வந்து அங்கே நின்றுவிட்டால், பிளேடு மூடி சுவிட்சைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அவருக்கு சி மொழி தெரிய வேண்டியதில்லை.

ஆகவே மெஷினை ஓட்டுவது 8 இன்புட், 4 ரிலே அவுட்புட் கொண்ட சிறிய பி.எல்.சி. ஸ்டார்ட்டரின் பழைய ஹோல்டிங் ஒயரை எடுத்து விட்டோம். `Q2` நேரடியாகக் காண்டாக்டர் காயிலை இயக்குகிறது. ஆர்டுயினோ வீணாகவில்லை. துண்டுகளை எண்ணி எல்.சி.டி.யில் காட்டும் வேலை அதற்கு. அது தவறினால் எண்ணிக்கை தவறும், விரல் போகாது. நீங்கள் எந்த வேலைக்கு எதை வைப்பது என்று யோசிக்கும்போது, "இது தவறினால் என்ன போகும்?" என்றே கேட்டுப் பார்க்கலாம்.

சிவப்புக் காளான் தலை எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன் மட்டும் இரண்டின் வழியாகவும் போகவில்லை. காண்டாக்டர் காயிலுக்குப் போகும் ஒயரிலேயே நேரடியாக உட்கார்ந்திருக்கிறது. சாதாரண பி.எல்.சி.யின் அவுட்புட் ரிலேயும் ஒரு நாள் ஒட்டிக் கொள்ளலாம். அப்போது புரோகிராம் "நில்" என்று சொன்னாலும் கரண்ட் போய்க் கொண்டே இருக்கும். எமர்ஜென்சி பட்டனுக்கு எந்தப் புரோகிராமின் அனுமதியும் தேவைப்படக் கூடாது. சுத்தம் செய்யும்போது மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டும் பழக்கத்துக்கும் எந்தப் பி.எல்.சி.யும் மாற்று இல்லை.

வீட்டிலேயே பார்க்க

லேடரைப் பழக பி.எல்.சி. வாங்க வேண்டியதில்லை. இன்டர்நெட்டில் OpenPLC Editor என்று தேடினால் ஒரு இலவச சாப்ட்வேர் கிடைக்கும். அதை இன்ஸ்டால் செய்து, மேலே உள்ள மூன்று படிகளையும் வரையுங்கள். பிறகு சிமுலேஷனை ஓட்டினால், கரண்ட் போகும் பாதை திரையில் தெரியும். `I1`ஐ `TRUE` ஆக்கியும் பம்ப் ஓடவில்லை என்றால் பயப்பட வேண்டாம். `I2`, `I3`, `I4` மூன்றும் முதலில் `FALSE` ஆக இருக்கும், அதாவது ஸ்டாப் ஒயர் அறுந்து, மூடி திறந்து கிடக்கும் மெஷின் அது. மூன்றையும் `TRUE` ஆக்கி விட்டு, பிறகு ஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள். ஓடத் தொடங்கி 2 வினாடி ஆனதும் `I2`ஐ ஒரு கணம் `FALSE` ஆக்கி, டைமர் என்ன ஆகிறது என்று கவனியுங்கள்.